இதில் சேராதவை

வடக்கு அடையவளஞ்சான் தெருவில் மத்தியானத் தூக்கத்தின் விலை எழுநூற்றுப் பத்து ரூபாய். விற்பனை வரி தனி. ராக்கம்மாளின் மாவு மில்லில் ஆயில் எஞ்சின் போடுகிற சத்தத்தில் ஸ்ரீரங்கத்தின் அந்தத் தெரு பகலில் கண்மூடி ஏழு வருஷமாகிறது. கரண்ட் மோட்டாருக்கு மாற அந்த அம்மாள் ஒருவழியாக மனசு வைத்தபோது, விலை எழுதிக்கொண்டு போனவன் ஜெகபர் அலி.

பெரிய கடைவீதியில் தாய்மாமன் குத்புதீனின் கடையை விட்டுவந்து தனிக்கடை போட்டவன். இன்னும் ஒரு மோட்டார்கூட நகரவில்லை. இதுவும் போனால் கடையைச் சாத்திவிட்டு மாமன் கடை ஸ்டூலுக்கே திரும்ப வேண்டியதுதான். மாமனோ, ஐந்து எச்.பி. மோட்டாருக்கு "ஐநூறு, எல்லாம் சேர்த்து" என்று ராக்கம்மாளுக்கு வாயாலேயே விலை சொல்லிவிட்டிருந்தார்.

அலியின் தாளில் மூன்று விலை. மூன்று எச்.பி. மோட்டார் நானூற்று அறுபது. அரிசி அரைக்கும், மிளகாய் வற்றலுக்குத் திணறும். ஐந்து எச்.பி. அறுநூற்று இருபது. இரண்டுக்கும் ஸ்டார்ட்டர், மெயின் சுவிட்ச், பெல்ட் மாட்டுகிற மோட்டார் புல்லி உண்டு. ஐந்து எச்.பி.யோடு ஒயரிங்கும் செய்து ஓட்டிக் காட்ட எழுநூற்றுப் பத்து. அடியில் கொட்டை எழுத்தில்: 'இதில் சேராதவை: மின்சார இலாகா டெபாசிட், சிமெண்ட் மேடை, பெல்ட், விற்பனை வரி.'

ராக்கம்மாள் கண்ணாடியை மாட்டி நேரே அடிவரிக்குப் போனாள்.

"என்ன பாய், குடுக்காததை எல்லாம் லிஸ்ட் போட்டிருக்கீங்க! போடாத நகையை எந்தப் பொண்ணு வீட்டுல எழுதிக் குடுப்பாங்க?"

"பின்னாடி சண்டை வேணாம்னுதாம்மா."

"அப்ப இந்த நாலையும் இனாமாப் போடுங்க. முடிச்சுருவோம்."

அலி அடிவரியில் விரலை வைத்தான். "டெபாசிட் உங்க பேர்ல இலாகாவுல கிடக்குற பணம்மா. நான் கட்டுனா மில்லு எம்பேருக்கு வந்துரும், பரவாயில்லையா? மேடைக்கு உங்க கொத்தனார் என்னைவிடக் கம்மியா வாங்குவாரு, அளவு நான் தரேன். பெல்ட்டு இருக்குறதையே வெட்டிச் சேத்துக்கலாம். வரியை சர்க்கார்கிட்டதான் பேரம் பேசணும்."

"வாங்க, உங்க மாமாகிட்டயும் இதையே கேப்போம்" என்று அவனையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனாள்.

மாமன் கடையில் அலியின் தாளைப் பிரித்தாள். "ஸ்டார்ட்டர் உண்டா பாய்?"

"அது தனி தாயி" என்றார் குத்புதீன்.

"மெயின் சுவிட்சு? ஒயரிங்கு?"

"அதுவும்தான்."

"புல்லி?"

"எஞ்சின் புல்லியையே போட்டுக்கலாமே."

அலிக்குப் பொறுக்கவில்லை. "மாமு! மோட்டாரு சுத்துற வேகத்துக்கு அவ்வளவு பெரிய புல்லியைப் போட்டா, மில்லுக் கல்லு பறந்து சமயபுரத்துல விழும்!"

ராக்கம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். "அப்ப எல்லாம் சேத்துன்னீங்களே, எதுதான் பாய் சேத்தி?"

"மோட்டாரும் பலகைப் பெட்டியும்" என்ற குத்புதீனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தனி என்றதையெல்லாம் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். "எழுநூத்தி முப்பத்தஞ்சு ஆகுதேடா மருமவனே! போ, உனக்குத்தான் வியாபாரம். டேய், மூணு டீ சொல்லு!"

"இருங்க, இன்னும் முடியல" என்றாள் ராக்கம்மாள். "ஒண்ணும் குறைக்காம வாங்குனேன்னு தெரிஞ்சா தெருவுல என்னை ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க."

அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே அலி எழுதினான்: ஐந்து எச்.பி., ஒயரிங்கோடு 710. மரியாதைக்குத் தள்ளியது 5. முன்பணம் வரவு 200. மோட்டார் ஓடும் அன்று பாக்கி 505, வரி தனி. டீ மூன்று, மாமு பற்று.