கண்ணாடி ஒன்று, நல்ல நிலை, மதிப்பு ரூபாய் நாற்பது

மலைமேலுள்ள பைல் நாட்டுக் காப்பித் தோட்டத்துப் பங்களாவைச் சாமான்களோடு வாடகைக்கு விடுவது என் பொறுப்பு. பெட்ரோமாக்ஸ் விளக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு, சுவர்க்கடிகாரம், தேக்குக் கட்டில் என்று வரிசையாகப் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நிலை, மதிப்பு எழுதுவேன். இரண்டு பிரதி. முதலாளிக்காக என் கையெழுத்து, குடிவருகிறவர் கையெழுத்து. அறை அறையாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது முறை. 1936இல் எனக்கு உடம்பு வணங்கவில்லை. போன வருடத்துப் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன்.

அந்த வருடம் குடிவந்தவர் மாணிக்கம், ஓய்வுபெற்ற சப்-ரிஜிஸ்திரார். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து டோலியில் மழையில் நனைந்து ஏறிவந்து, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்தில்லாமச் சாவி தர முடியாதுங்க" என்றேன். படிக்காமலே போட்டார்.

மூன்றாம் நாள் அவர் மனைவி ருக்குமணியம்மாள் என்னைக் கூப்பிட்டார். "பீரோக் கண்ணாடி விரிஞ்சிருக்குதுங்களே. பட்டியல்ல நல்லதுன்னு இருக்குது. திருத்திருங்க."

அது முன்பு இருந்தவர் காலத்து விரிசல். அவர் காலி செய்தபோது நான் எதையும் சரிபார்க்காமல் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். திருத்தினால் என் குட்டு உடைந்துவிடும். "பாக்கலாங்க" என்று நழுவினேன்.

நான்கு மாதம் கழித்து அவர்கள் காலி செய்த அன்று முதலாளியே மலையேறி வந்து, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடி முன் நின்றார். "நாப்பது ரூவா முன்பணத்துல புடிச்சுக்கறேனுங்க."

ருக்குமணியம்மாள் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"புடிச்சுக்குங்க" என்றார் மாணிக்கம். "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கன்னு முப்பது வருசம் ஊருக்கே சொன்னவன் நான். போட்டது போட்டதுதான்."

பட்டியலின் அடியில், 'கண்ணாடி என் காலத்தில் விரிசல் விட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். "அர்த்தனாரி, நீங்களாச்சும் படிச்சுட்டுப் போடுங்க."

படித்தேன். அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னார். அதுதான் தாங்கவில்லை. பேனாவை வாங்கி மேசைமேல் வைத்தேன்.

"முதலாளி, இவங்க வாரதுக்கு முந்தியே விரிசலுங்க. நான் பாக்காம எழுதிட்டேன். அம்மா சொல்லியும் திருத்தலீங்க."

முதலாளி முகம் சிவந்தது. "அப்ப நாப்பதும் உன் சம்பளத்துலதான்!"

வேலை போகாததே பெரிது என்று தலையாட்டினேன். மாணிக்கம் தான் எழுதிய வரியை அடித்துவிட்டு, இருபது ரூபாயை எண்ணி மேசைமேல் வைத்தார்.

"எதுக்குங்க?" என்றார் முதலாளி.

"பாக்காம எழுதுனது அவரு. பாக்காமப் போட்டது நான். பாதி என்னுதுங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது ரூபாய் என் ஒன்றரை மாதச் சம்பளம். வெட்கம்கெட்டுப்போய் நிம்மதியாக மூச்சு விட்டேன்.