சீட்டில் விழுந்த வாரண்டி கார்டு

மனோரமாவின் மிக்ஸி தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது விட்ட புகையில், கலங்கரை விளக்கத்தில் இருந்தவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் என்றால் அது கொஞ்சம் கூடுதல். ஆனால் தோணிரேவில் மூன்று தெரு பொத்திக்கொண்டது நிஜம். வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வருட வாரண்டி என்று கார்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மனோரமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் எப்போதுமே அப்படித்தான்; உலை கொதிக்கும் வரைகூட அடுப்பருகே நிற்கமாட்டாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் இருபது நடை நடப்பாள். இப்போது அந்த நடை, மிக்ஸி வாங்கிய பொன்னேரிக் கடை வரை நீண்டது. கடைக்காரர் முதல் தடவை கரண்டின் மேல் பழி போட்டார். இரண்டாம் தடவை உப்புக்காற்று. மூன்றாம் தடவை, மீன் முள்ளை அரைத்திருப்பாய் என்றார். நாலாம் தடவை அவள் தலையைத் தூரத்தில் கண்டதுமே சாப்பிடப் போய்விட்டார். காலை ஒன்பதரை மணிக்குச் சாப்பிடப் போன அவர், பஸ் கிளம்பும் வரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பழவேற்காட்டு தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த உமர் பாய்தான் வழி சொன்னார். நுகர்வோருக்கென்று சட்டம் வந்து மூன்று நாலு வருடம் ஆகிறது, நம் ஜில்லாவுக்குச் செங்கல்பட்டில் மன்றம் இருக்கிறது, வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது, வெள்ளைத் தாளில் எழுதினால் போதும் என்றார். மனுவையும் அவரே எழுதினார். பில் நகல், வாரண்டி கார்டு நகல், மிக்ஸி நம்பர் என்று கேட்டுக்கொண்டே மிக்ஸியைக் குப்புறக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடிப்பகுதியில் இருந்த எண்ணைப் படித்தார். பிறகு கார்டைப் படித்தார். பிறகு இரண்டையும் திரும்பப் படித்தார்.

"மிக்ஸி 4417. கார்டு 4419. இது வேற மிக்ஸியோட கார்டும்மா. உன்னோடது எங்க?"

அது எங்கே என்று சொல்ல, பாட்டுச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த வலை, எந்த நாள், எந்த இடத்தில் இறங்குவது என்ற முறைக்குப் பாடு என்று பேர்; அதை இந்தப் பக்கத்து மீனவர்கள் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். விழுந்த பாடு விழுந்ததுதான். நல்ல மடு கிடைத்தவன் குதிப்பான், சேறு கிடைத்தவன் வாயை மூடிக்கொண்டு போவான். மனோரமாவின் புருஷன் திருவேங்கடம், துளசிங்கம், முனியன் மூவரும் ஒரே வலைக்குப் பங்காளிகள். இறால் வாரி வழங்கிய பருவத்தில் பொதுப்பணத்தில் மூன்று மிக்ஸி வாங்கலாம் என்று முடிவாயிற்று. வலைக்குத் தலைவர் துளசிங்கம் போனார். மூன்று எண்ணும் எழுதிய ஒரே பில்லைத் தன் பேரில் வாங்கி வந்தார். எந்த மிக்ஸி யாருக்கு என்று குலுக்கினார்கள். அதோடு விட்டார்களா? கார்டைக் கொடுப்பதில் ஓரவஞ்சனை என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாதே என்று, கார்டுகளுக்குத் தனியாக இன்னொரு குலுக்கல். எந்திரத்துக்கும் காகிதத்துக்கும் உறவு இருப்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

4417-இன் கார்டு துளசிங்கத்தின் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. அவருடைய மிக்ஸியின் கார்டுதான் மனோரமாவிடம் இருந்தது. மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. மனோரமா மூச்சிரைக்க ஓடிப் போய்க் கேட்டாள்.

துளசிங்கம் வலை நூலைக் கீழே வைக்கவில்லை. "பில்லு நகலு வேணும்னா எடுத்துக்கோ. கார்டு மட்டும் கேக்காத."

"இன்னா மாமா, வெறும் அட்டை. உன்னோடதைத்தானே நான் தர்றேன்னு சொல்றேன்."

"சீட்டுல வுழுந்தது. இன்னிக்கு அட்டைய மாத்துவ. நாளைக்கு எவனாவது வந்து, என் பாட்டுல மீன் இல்ல, மாத்திக்குடுன்னு நிப்பான். அவனுக்கு நீ பதில் சொல்லுவியா?"

திருவேங்கடமும் பெண்டாட்டிக்குப் பரிந்து பேசவில்லை. இதில் தலைவர் சொல்வது சரி என்று முனகிவிட்டு ஏரிக்குப் போய்விட்டான். மனோரமா அன்று வீட்டுக்குள் நடந்த நடையை நீட்டிப் போட்டிருந்தால் சூளூர்ப்பேட்டை வந்திருக்கும்.

உமர் பாய் நடந்ததை நடந்தபடியே மனுவில் எழுதினார். பில் துளசிங்கம் பேரில் இருந்தாலும், வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் புகார் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்று தைரியம் சொன்னார். மன்றத்திலிருந்து கடைக்கு நோட்டீஸ் போயிற்று. ஒரு மாதத்தில் கடைக்காரரின் பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்த அதன் நகலை உமர் பாய் திண்டாடித் திண்டாடித் தமிழில் சொன்னார்: கார்டு எண் பொருந்தவில்லை, ஆகவே வாரண்டி கிடையாது. அதுமட்டுமல்ல, துளசிங்கம் என்பவர் மூன்று மிக்ஸிகளை வாங்கி லாபத்துக்கு மறுவிற்பனை செய்த வியாபாரி. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல. மனு தள்ளுபடி செய்யப்பட வேண்டும்.

இதில் மனு செத்தே போகலாம் என்றார் உமர் பாய். மனோரமா நகலைப் பிடுங்கிக்கொண்டு துளசிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். கார்டு கேட்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் சொன்னாள். வலைப் பங்காளிகளிடம் லாபம் அடித்தவர் என்று கவர்ன்மென்டு காகிதத்தில் எழுதியிருக்கிறது என்றாள்.

துளசிங்கத்தின் முகம் வெந்த நண்டின் நிறத்துக்கு வந்தது. நூல் கீழே விழுந்தது.

விசாரணை நாளன்று விடிவதற்குள் இருவரும் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, சென்னையில் இறங்கி வேறு ரயில் மாறிப் போனார்கள். மனோரமா ஒரு நிமிடம் உட்காரவில்லை. மடியில் வைக்க வேண்டிய மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். ரயிலைத் தள்ளிவிட வசதியாக இருக்கட்டும் என்று நின்றதைப்போல இருந்தது.

மன்றத்தில் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பெண்மணி. கடைக்காரர் கார்டைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். துளசிங்கம் எழுந்தார். காசு மூன்று வீட்டுக் காசு, தான் போய் வாங்கி வந்தவன் மட்டுமே, ஒரு பைசா கூட வைத்து விற்கவில்லை என்றார். பிறகு பாட்டுச் சீட்டைப் பற்றி ஆரம்பித்தார். மடு, சேறு, தென்றல், வாடை என்று அவர் ஏரியையே அந்த அறைக்குள் இறக்கினார். மன்றத் தலைவர் கையை உயர்த்தி நிறுத்தியிருக்காவிட்டால் மேசைக்கடியில் கெளுத்தி நீந்தியிருக்கும்.

பெண் உறுப்பினர் மிக்ஸியைக் கவிழ்க்கச் சொன்னார். 4417. பில்லில் 4417 இருந்தது. கடை முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தன.

"இந்த எண்ணுக்கான கார்டு எங்கே?" என்று கேட்டார்.

துளசிங்கம் மடியிலிருந்து எடுத்தார். "காட்டத்தாங்க வந்தேன். குடுக்க முடியாது. சீட்டுல எனக்கு வுழுந்தது."

மன்றத் தலைவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். மூலத்தைப் பார்த்தாகிவிட்டது, நகல் கோப்புக்குப் போதும் என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார். பில்லில் தேதி இருந்தது, கார்டில் அதே தேதி இருந்தது. எந்திரம் கெட்டது ஒரு வருடத்துக்குள். கடைக்காரருக்கு மூன்று பெயர்ப்பலகை நீளத்துக்கு வாய் திறந்தது.

தீர்ப்பு தபாலில் வந்தது. அதே வகைப் புதிய மிக்ஸியைத் தர வேண்டும், அல்லது விலையைத் திருப்பித் தர வேண்டும். செலவுக்கு நூறு ரூபாய். கெடு ஒரு மாதம்.

கெடுவின் இருபத்தொன்பதாம் நாள் கடைக்காரர் புது மிக்ஸியை எடுத்து வைத்தார். பில்லில் துளசிங்கம் என்று எழுதப் போனவரை மனோரமா தடுத்தாள். மனோரமா, கணவர் பெயர் திருவேங்கடம், தோணிரேவு என்று எழுத வைத்தாள். மிக்ஸியை மேசைமேல் கவிழ்த்து, எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். கார்டில் அதே எண்ணை எழுதச் சொன்னாள். முத்திரை மங்கலாக விழுந்ததும் மறுபடி குத்தச் சொன்னாள்.

வெளியே பழவேற்காடு பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் கூப்பிட்டார். மனோரமா அசையவில்லை. முத்திரையின் மை காயும் வரை விரலால் தொட்டுப் பார்த்தபடி நின்றாள். பஸ் போய்விட்டது.