மேலே இருப்பது வடக்கு

பொய்யை விடைத்தாளிலேயே மோப்பம் பிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் பதினோரு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். எத்தனை திருட்டைப் பார்த்திருப்பேன்!

அன்று மாதிரித் தேர்வு. ஒரு ஊரின் இரண்டு வரைபடங்கள், முன்பு ஒன்று, வளர்ச்சிக்குப் பின் ஒன்று. என்னென்ன மாறியது என்று இருபது நிமிடத்தில் நூற்றைம்பது சொல்லில் ஒப்பிட்டு எழுத வேண்டும். சொந்தக் கருத்து கூடாது.

நாற்பது பேர் வடக்கே இருந்த தொழிற்சாலையை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருந்தார்கள். ஒரு நர்ஸ் மட்டும் மேற்கே இருந்ததை இடித்திருந்தாள். தெற்கே ஓடிய ஆறு அவளுக்குக் கிழக்கே ஓடியது. மொழியோ படு சுத்தம். தொடக்கத்திலேயே மொத்த மாற்றத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வேறு ஏதோ வரைபடத்துக்கான விடையை நெட்டுரு போட்டு வந்து இங்கே கொட்டியிருக்கிறாள்.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. போன வருடம் இதே கேள்விக்கு இதே மேற்கையும் கிழக்கையும் எழுதிய ஒரு டிரைவரை வகுப்பை விட்டு அனுப்பியிருந்தேன். நெட்டுரு விடைக்கு நிஜத் தேர்வில் மதிப்பெண் விழாது, எங்கள் பயிற்சி மையத்தின் பெயரும் கெடும். இந்த நர்ஸ் அவனுடைய கூடப்பிறந்த தங்கை. அண்ணன் வைத்திருந்த விடை தங்கைக்கு வந்திருக்கிறது, வேறென்ன?

அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டேன்.

"இது உன் சொந்தச் சரக்கா?"

"ஆமா சார்."

"உங்க அண்ணனும் இதையேதான் சொன்னான். குடும்பமே சேந்து என் காதுல பூ சுத்துறீங்களா? மையம் கையெழுத்துப் போட்டாத்தான் ஆஸ்பத்திரிக்காரங்க உன்னை நேர்காணலுக்குக் கூப்பிடுவாங்க. நான் போட மாட்டேன்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேள்வித்தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"வடக்கு எது சார்?"

"மேலே. முதல் வகுப்பிலேயே சொன்னேனே."

"சொன்னீங்க. ஆனா அம்புக்குறி வலது பக்கம் காட்டுதே?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். இரண்டு வரைபடத்தின் மூலையிலும் மிளகு அளவுக்கு ஓர் அம்பு. இரண்டும் வலது பக்கம் காட்டின. வலது வடக்கு என்றால் மேல்பக்கம் மேற்கு, கீழே ஓடும் ஆறு கிழக்கு.

வரைந்தவன் நான்தான். மூல வரைபடங்கள் அகலமானவை. ஒரே தாளில் அருகருகே அடங்கட்டும் என்று இரண்டையும் வலப்பக்கமாகச் சுழற்றி நிமிர்த்தி வரைந்து, பெயர்களை மட்டும் நேராக எழுதினேன். அம்பும் கூடவே திரும்பியது. சில வாரம் கழித்து மாதிரி விடை எழுத உட்கார்ந்தபோது அம்பைப் பார்க்கவில்லை. மேலே வடக்கு என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அதை வைத்தே மூன்று வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அதைவிட அதிகமாகப் பயம்.

"உனக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்மா," என்றேன்.

"என்னோடது சரி சார். அண்ணனோடது?"

"அவன் திரும்ப வரட்டும். நானே சொல்லித்தரேன்."

"அவனுக்குப் படிப்பு வேண்டாம் சார். அன்னைக்கு எங்கப்பா இங்க வந்தப்ப, உங்க பையன் திருடன்னு நீங்க சொன்னீங்க. ஒரு வருஷமா அப்பா அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஒரே வீடு. சாப்பாட்டுக்குக்கூட என்னை விட்டுத்தான் கூப்பிடுவார். வாத்தியார் எதுக்குப் பொய் சொல்லணும்னு கேக்கறார்."

திருடன் என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன். என் வாய் அப்படி.

அப்பாவின் எண்ணை அவளே போட்டு, போனை என்னிடம் கொடுத்தாள். நான் யாரென்று சொன்னதும் எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம். எழுந்து நின்றுவிட்டார் போலிருக்கிறது.

அம்பு, மேற்கு, நிமிர்த்தி வரைந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். "உங்க பையன் எழுதினதுதான் சரி. தப்பு பண்ணது நான்," என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவன் உங்களை வந்து பாத்தானா சார்?"

"இல்லையே."

"பொண்ணு அழுதாளா?"

"இல்லைங்க. நிஜமாவே என் தப்புதான்."

"புரியுது சார். ஒரு குடும்பம் ஒண்ணு சேரட்டும்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. பெரிய மனசு உங்களுக்கு. ஆனா அவனுக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம் சார்."

போனை வைத்துவிட்டார். என்ன சொன்னார் என்று கேட்டபடி அந்தப் பெண் எதிரில் நின்றாள்.