சிவப்புக் கொடி

மைதானத்துக்கு வந்ததும் மச்சான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மாப்ளை என்றும் கூப்பிடவில்லை. "ரைடர், ஹெல்மெட் போடு" என்றான்.

மருத்துவ லேப்களுக்கு ரத்த மாதிரி கொண்டு போகும் கம்பெனியில் அவன் ஆறு வருஷமாக பைக் ஓட்டுகிறான். விபத்து நடந்தால் பயிற்சியாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறுபடி வண்டி தருவார்கள். கம்பெனிக்கு ஒரே பயிற்சியாளர்தான். அவன் மனைவியின் அண்ணனான இந்த மச்சான். நான்கு மாதம் முன்னால் ஒரு வளைவில் நாய் குறுக்கே வந்து பைக் சரிந்தபோது பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவிதான். முழங்கால் மூட்டு நொறுங்கியது.

இப்போது அவள் அண்ணனின் காரில் கதவைத் திறந்து வைத்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிசியோதெரபிக்குப் போகும் வழியில் நிறுத்தியிருந்தார்கள்.

முதலில் நேர்கோடு. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோடு தாண்டியதும் நிற்க வேண்டும். முதல் முறை அவன் பின் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தான். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வாலாட்டியது. வண்டி நின்ற இடத்தில் தார்மேல் கறுப்புக் கோடு.

"செருப்பால தேய்ச்ச மாதிரி இருக்கு," என்றான் மச்சான். "முன் பிரேக்கை இழுக்காத, அழுத்து. எடை முன் டயருக்கு வர்ற வரைக்கும் கொஞ்சமா. வந்தப்புறம் பலமா. தலை நிமிர்ந்து தூரத்தைப் பார்."

நாலாவது முறை அவன் சறுக்காமல் நின்றான். மச்சான் பாராட்டவில்லை. மதிப்பெண் அட்டையில் ஏதோ கிறுக்கிவிட்டு, பிளாஸ்டிக் கூம்புகளை வளைவாக வைக்கப் போனான்.

"இதுலதான் என் தங்கச்சி காலை உடைச்ச," என்றான் வந்து. "சாஞ்சிருக்கும்போது டயரோட பிடியில பெரும்பகுதி வளைவுக்கே போயிடும். மிச்சம்தான் பிரேக்குக்கு. இடம் இருந்தா வண்டியை நிமிர்த்து, அப்புறம் பலமா பிடி. இடம் இல்லன்னா மெதுவா பிடி, வேகம் குறையக் குறைய வண்டி நிமிரும், நிமிர நிமிர அழுத்தத்தைக் கூட்டு. நான் இந்தச் சிவப்புக் கொடியைத் தூக்கினா நாய்னு நினைச்சுக்கோ."

முதல் ஓட்டம் இருபத்தைந்தில். கொடி எழுந்தது. அவன் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. நான்கு விரலும் முன் பிரேக் லீவரைக் கவ்விவிட்டன. முன் சக்கரம் மடங்கி, வண்டி உள்பக்கம் படுத்தது. முழங்கைக் கவசம் தரையை உரசிய சத்தம் கேட்டுக் காருக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மச்சான் தூக்கிவிடவில்லை. அவன் தானாக எழுந்து வண்டியை நிமிர்த்தினான். லீவரைச் சரிபார்த்தான். பிறகு இரண்டே விரலை லீவர்மேல் வைத்துக்கொண்டு ஐந்தாறு முறை சுற்றினான். கொடியைப் பார்த்து நிறுத்துவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எளிதாயிற்று.

"இப்ப டெஸ்ட்," என்றான் மச்சான். "முப்பது. கொடியைப் பாத்ததுலேர்ந்து அந்தக் கடைசிக் கோட்டுக்குள்ள நிக்கணும்."

அவன் வளைவில் சாய்ந்தான். கொடி எழவில்லை. கொடி எழ வேண்டிய இடத்தில் சாக்கட்டியால் போட்டிருந்த குறி கடந்து போயிற்று. இன்னும் எழவில்லை. அதற்கும் ஒரு வண்டி நீளம் தள்ளித்தான் எழுந்தது. அவன் கைப்பிடியை லேசாக அழுத்தி வண்டியை நிமிர்த்தினான், பிறகு இரண்டு பிரேக்கையும் படிப்படியாகப் பிடித்தான். சறுக்கவில்லை. ஆனால் முன் சக்கரம் கோட்டை இரண்டடி தாண்டி நின்றது.

"தாண்டிருச்சு. ஃபெயில்."

"கொடியை லேட்டா தூக்கினீங்க மச்சான்."

"நீ மச்சான்னு கூப்பிடாத. ரோட்டுல நாய் கோடு பாத்தா வரும்?"

காரிலிருந்து குரல் வந்தது. "அண்ணா, குறியைத் தாண்டினப்புறம்தான் தூக்கின. நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

மச்சான் அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு வக்காலத்து வாங்கத்தான் நான் இங்க நிக்கிறேன். நீ இவனுக்கு வாங்குற."

"வக்காலத்து இல்ல. அவர் தப்பு பண்ணினா ஃபெயில் போடு. உன் கோபத்தை அட்டையில எழுதாத."

மச்சான் கொடியைச் சுருட்டினான், விரித்தான்.

"இன்னொரு தடவை," என்றான்.

இந்த முறை கொடி சரியாகக் குறியருகே எழுந்தது. வண்டி நிமிர்ந்தது, முன்பக்கம் கொஞ்சம் அமுங்கியது, கோட்டுக்கு முக்கால் அடி முன்னால் நின்றது. அவன் காலை ஊன்றினான்.

மச்சான் நிழலில் நின்று கையெழுத்துப் போட்டான். அட்டையைக் கையில் கொடுக்கவில்லை. பைக் டேங்கின்மேல் வைத்தான். "வண்டி ஓட்டத் தகுதின்னு எழுதியிருக்கேன். மத்ததுக்கெல்லாம் நான் எழுதல."

அவன் காரருகே போனான். "பாஸ்," என்றான்.

"பாத்தேன்," என்றாள் அவள். "நல்லாதான் நிறுத்தினீங்க."

"சாயங்காலம் பிசியோதெரபி முடிஞ்சதும் நான் வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

அவள் ஊன்றுகோலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "வண்டியில வேணாம். இப்போதைக்கு வேணாம். பஸ்ல வாங்க, சேர்ந்து போலாம்."

மச்சான் கதவை ஓங்கிச் சாத்தினான். கார் கிளம்பியது. அவன் வெயிலில் நின்றபடி, சிதறிக் கிடந்த கூம்புகளை ஒன்றொன்றாகப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினான்.