சீவி எடுத்த மண்

"ஈவினிங் காலேஜ்ல படிச்சிட்டு எனக்கே கணக்குச் சொல்றியா?" என்று கேட்டு, பாண்டீஸ்வரி எழுதித் தந்த தாளைக் கிழித்துப் போட்டு அவளை வேலையை விட்டு அனுப்பியவர் காண்ட்ராக்டர் ராஜகுரு. வண்டியூர்க் குளத்தருகே இளகிய களிமண்ணில் ஜவுளிக்கடைக்கு நிலத்தடித் தளம் தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டின் பாரத்தையும் சேர்த்தால், ஐந்து மீட்டரில் குழியின் தரை மேலே பொங்கும் என்பதே அவள் கணக்கு; ஆபத்தில்லாமல் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதையும் அதில் எழுதியிருந்தாள்.

பக்கத்து வீட்டு லலிதாம்பாள் சுவரில் விரிசல் கண்டதும், தாள் கிழிபட்ட கதையைக் கேள்விப்பட்டு, அவளையே அளக்க அழைத்தார். பாண்டீஸ்வரி ஐந்து நாள் மாடியிலிருந்து பார்த்தாள். குழிச்சுவர்களுக்கு இடையே முட்டுக் கொடுத்த இரும்புத் தூலங்கள் அப்படியே இருந்தன. ஆட்கள் சீவிச் சமன் செய்த தரை மட்டும் மறுநாள் மறுபடி உயர்ந்திருந்தது. ஒழுங்காக வெட்டவில்லை என்று ராஜகுரு அவர்களைத் திட்டித் திரும்பவும் சீவ வைத்தார். சீவச் சீவ வீடு தினமும் சில மில்லிமீட்டர் இறங்கியது.

இன்னும் இரண்டு நாள் வாய் திறக்காவிட்டால் குழி சரிந்து அந்த ஆள் ஒழிந்தான் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. கீழே லலிதாம்பாள் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

அன்றே மாநகராட்சிப் பொறியாளரைக் கூட்டிவந்தாள்.

"இம்புட்டு நாளும் நீங்க சீவினது இந்த வீட்டுக்கு அடியில இருந்து பிதுங்கி வந்த மண்ணு சார்," என்றாள் ராஜகுருவிடம்.

அளவுகளைப் பார்த்த பொறியாளர் வீட்டைக் காலி செய்யவும் குழியில் உடனே மண்ணை நிரப்பவும் சொன்னார். முதல் லாரி மண் கொட்டியது. ராஜகுரு தணிந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா, எம்புட்டு ஆழம்வரை தாங்கும்னு எழுதியிருந்த?"

"சத்தமாக் கேளுங்க சார். கிழிச்சப்ப இருந்த ஆளுக எல்லாரும் இங்கதான் இருக்காக."

அவர் சத்தமாகக் கேட்டார்.

"மூணரை மீட்டர்," என்றாள்.