பத்து நாள் மாத்திரை

அவரை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். முடிதிருத்தும் கடையைக் காலையில் திறந்தால் சாத்துகிற வரை வாய் ஓயாது. ஆனால் சுகாதார நிலையத்தின் மக்கள் குழுவில் அவரை உறுப்பினராகப் போட்ட பிறகு நடந்த இரண்டு கூட்டங்களிலும் அவர் வாயைத் திறந்தது டீ குடிக்க மட்டும்தான். டாக்டரம்மா போன மாதத் தீர்மானங்களை வாசிப்பார். தலைவியான கவுன்சிலர், "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பார். பதிவேடு கைமாறி வரும், கையெழுத்துப் போடுவார்கள், கலைவார்கள்.

மூன்றாவது கூட்டத்துக்கு முதல் நாள் அவருடைய அக்கா கடைக்கு வந்து, காலியாக இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்பவள். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை போட வேண்டும்.

"இன்னிக்கும் வேலை போச்சுடா. ஆஸ்பத்திரியில அந்த மருந்து குடுக்கறவரு பத்து நாளைக்குத்தான் மாத்திரை குடுக்கறாரு. மாசத்துல மூணு நாள் அங்க போய் வரிசையில நிக்கறவளுக்கு எவன் வேலை குடுப்பான்? இனிமே நான் போகப் போறதில்ல."

"அப்ப மாத்திரைக்கு?"

"தலை சுத்துனா உக்காந்துக்கறேன்."

இதே குறையைக் கடையில் பலரும் சொல்லி ரேடியோ கேட்டிருக்கிறார். எல்லாரும் கடைசியில், 'நான் சொன்னேன்னு சொல்லிடாதே' என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்கள்.

"நாளைக்குக் கூட்டம் இருக்கு. நீயே வந்து சொல்லேன்க்கா."

"நல்லா இருக்குடா நியாயம்! குழுவுல இருக்கறது நீயா நானா?"

தடுப்பூசி போடும் அறையில்தான் கூட்டம். எடை பார்க்கும் கருவியை மூலைக்குத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். "வேற ஏதாவது இருக்கா?" என்று தலைவி கேட்டதும் ரேடியோ எழுந்தார். எதிரே மருந்தாளுநர். வாரம் தவறாமல் ரேடியோவிடம் முகம் மழித்துக்கொள்ளும் மனிதர். இருந்தும் பத்து நாள் மாத்திரைக் குறையைச் சொல்லிவிட்டார்.

மருந்தாளுநரின் முகம் சிவந்தது. "யார் சொன்னது?"

"பேரு கேக்காதீங்க சார். ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல."

"போன வருஷம் மூணு வாரம் மாவட்டக் கிடங்குல இருந்து மாத்திரையே வரல. என் சன்னல் கண்ணாடியை உடைச்சாங்க. அப்ப இந்தக் குழுவுல ஒருத்தராவது வந்து ஏன்னு கேட்டீங்களா? அன்னியிலேருந்துதான் இழுத்துப் பிடிச்சுக் குடுக்கறேன்."

கண்ணாடி உடைந்த கதையைக் கடையில் கேட்டுச் சிரித்தவர்களில் ரேடியோவும் ஒருவர். அது இப்போது அவரைச் சுருக்கென்று குத்தியது.

"இருப்புப் பதிவேட்டைப் பாக்கலாமாம்மா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"தாராளமா. அதுக்குத்தானே குழு" என்றார் அவர். நோயாளிகள் பதிவேட்டையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். தினம் ஒரு மாத்திரை போட வேண்டியவர்கள் நூற்று நாற்பது பேர். அப்படியானால் மாதத்துக்கு நாலாயிரத்து இருநூறு மாத்திரை வேண்டும். போன மாதம் கொடுத்தது இரண்டாயிரத்து அறுநூறு.

"மிச்சப் பேரு என்ன ஆனாங்க?" என்றார் ரேடியோ.

"வரல" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"கிடங்குக்கு எதை வெச்சு சார் எழுதி அனுப்பறீங்க?"

"முந்தின மாசம் குடுத்ததை வெச்சு."

"அப்ப வராம நின்னுபோனவங்களுக்கு நாம மாத்திரையே கேக்கறதில்லையே!"

மருந்தாளுநர் பதிவேட்டை மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். "நான் இதை இப்படி யோசிக்கல" என்றார். குரலில் கோபம் இல்லை.

அன்று தீர்மானம் எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. பதிவாகியுள்ள நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்துத் தேவைப்பட்டியல் போக வேண்டும். கூடவே குழுவின் கடிதமும். சரக்கு வந்ததும், அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதாக டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். என்ன மருந்து எவ்வளவு இருக்கிறது என்று வாசலில் பலகையில் எழுதிப்போட மருந்தாளுநரே முன்வந்தார். தீர்மானப் பதிவேடு தன் கைக்கு வந்தபோது ரேடியோ முழுவதும் படித்தார். "யாரு செய்யணும், எந்தத் தேதிக்குள்ளன்னு இதுல இல்லையே?" என்று கேட்டு, அதையும் எழுதவைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. தலைவியும், கடையைப் பூட்டிவிட்டு ரேடியோவும் மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு முறை போய் வந்தார்கள். ஆறாவது வாரம் பெட்டிகள் வந்து இறங்கின.

அதற்குள் அக்காவை அவர் சண்டை போட்டு சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போயிருந்தார். அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததால் வாரா வாரம் வந்து காட்டச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. அக்கா வழியெல்லாம் தம்பியைத் திட்டித் தீர்த்தாள். ஆனாலும் தவறாமல் போனாள். இரண்டு மாதம் கழித்து அழுத்தம் இறங்கி, முதல் முறையாக முப்பது மாத்திரை அவள் கைக்கு வந்தது. பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு, பலகை முன் ஒரு நிமிடம் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு, சூளைக்கு இன்னும் நேரம் இருக்கிறதென்று விறுவிறுவென நடந்தாள்.