எள் ஒத்துக்காது

சுகந்தியின் செய்தி வந்தபோது நான் ரயிலில் ஒரு கையால் பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். முதியோர் இல்லத்தில் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது பேரைக் குளிப்பாட்டியிருந்தேன். இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது.

"அக்கா, பாப்பாவுக்கு எள்ளு சுத்தமா ஒத்துக்காது. மீனு, கறி, முட்டை நாங்க சாப்பிட மாட்டோம். நாளான்னைக்கு ஸ்கூல்ல மதியச் சாப்பாடு ஆரம்பிக்காவளாம். ஸ்கூலுக்கு ஜப்பான்ல எழுதிக் குடுங்கக்கா, கோடி புண்ணியம்."

யோகோஹாமாவில் எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் ஜப்பானிய மொழி ஓரளவு எழுதத் தெரிந்தவள் நான்தான். பன்னிரண்டு வருடங்களாகக் குப்பை போடும் நாளிலிருந்து பிரசவ ஆஸ்பத்திரி வரை எல்லாவற்றுக்கும் என் போன்தான் அடிக்கும். சுகந்தி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திருநெல்வேலிக்காரி. மகள் நிறைமதி இரண்டாம் வகுப்பு. கணவன் மாதவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் விடிந்தால் வேலை, அடைந்தால் வேலை.

வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அவள் அனுப்பியதை அப்படியே போனின் மொழிபெயர்ப்பில் ஒட்டினேன். வந்த ஜப்பானியம் வழவழவென்று மரியாதையாக இருந்தது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பள்ளிச் செயலியில் போடச் சொல்லி அவளுக்கு அனுப்பினேன்.

மறுநாள் பள்ளியின் பதிலை எனக்கு அனுப்பினாள். 'தகவலுக்கு மிக்க நன்றி, புரிந்துகொண்டோம்' என்ற முதல் வரியைப் படித்தேன். அப்போது ஒரு பாட்டையாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "ஓகே சொல்லிட்டாங்க" என்று பதில் போட்டேன்.

வியாழக்கிழமை மதியம் ஒன்றே காலுக்குப் பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மருத்துவ அறை ஆசிரியை பேசினார்.

"அம்மாகிட்ட பேசினோம், அவங்களுக்குப் புரியல. உங்க நம்பரக் குடுத்தாங்க. நிறைமதிக்கு உதடு வீங்கியிருக்கு, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இரைக்குது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. இவளுக்கு ஏதாவது அலர்ஜி இருக்கா?"

"எள்ளு!" என்று கத்தினேன். "எழுதியிருந்தோமே!"

"அலர்ஜின்னு எழுதலையே" என்றார் மெதுவாக.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டு முடித்திருந்தார்கள். குழந்தை ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தாள். கண் இமைகள் இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தன. ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது, ஆனாலும் இன்று இங்கேயே இருக்கட்டும், மறுபடி வந்தாலும் வரும் என்றார் டாக்டர். அதைச் சுகந்தியிடம் சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நான் அனுப்பிய ஜப்பானியச் செய்தியை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன்.

'எங்கள் மகள் எள்ளைச் சற்றும் ஏற்றுக்கொள்வதில்லை. நாங்கள் மீன், இறைச்சி, முட்டை சாப்பிடுவதில்லை.' அவ்வளவுதான். பிடிக்காது, வேண்டாம் என்கிற பேச்சு. பள்ளியின் பதிலையும் கீழே தள்ளிப் பார்த்தேன். 'மீனையும் இறைச்சியையும் முட்டையையும் கட்டாயப்படுத்த மாட்டோம். எள் விஷயத்தில், அவசரப்படாமல் ஒரு வாய், ஒரு வாயாகப் பழக உதவுகிறோம்.'

உதவியிருக்கிறார்கள். அன்றைக்குப் பொரித்த மீனும், அரைத்த எள்ளில் பிசைந்த கீரையும். ஆசிரியை மீனை அக்கறையாக எடுத்துவிட்டு, கீரையை மட்டும் ஒரு வாய் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். எள் அரைபட்டுக் கிடந்ததால் குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை. வெறும் கீரை என்று தின்றிருக்கிறாள்.

சுகந்தி வெளியே வந்தாள். மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"சுகந்தி, தப்பு என்னுதும்மா. நான் படிச்சுப் பாக்காம அனுப்பிட்டேன். ஒத்துக்காதுங்கிறத, ஏத்துக்க மாட்டான்னு போட்டுருக்கு. அவங்க பதில்லயே இருந்துச்சு, அதையும் நான் முழுசாப் படிக்கல."

அவள் என்னையே பார்த்தாள்.

"எக்கா, ரெண்டு வரி. ரெண்டே வரி. அதப் படிக்க ஒங்களுக்கு நேரமில்லையா?"

"இல்லன்னு சொல்ல மாட்டேன். படிக்கல."

"முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் வேற யாரையாச்சும் கேட்டிருப்பேன்லா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகவும் மனமில்லாமல் இருக்கவும் முகமில்லாமல் மாதவன் வரும்வரை அந்தப் பெஞ்சிலேயே கிடந்தேன்.

இனி என்னைக் கூப்பிட மாட்டாள் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை கூப்பிட்டாள்.

"ஸ்கூல்ல வரச் சொல்லுதாவ. நீங்களே வாங்க. வேற ஆளுக்கு முதல்ல இருந்து சொல்ல எனக்குத் தெம்பில்ல."

தலைமை ஆசிரியர், மதியச் சாப்பாட்டைக் கவனிக்கும் உணவு ஆசிரியை, மருத்துவ அறை ஆசிரியை, வகுப்பாசிரியை ஓகிஹாரா என நான்கு பேரும் எழுந்து குனிந்து வணங்கினார்கள். ஓகிஹாராவுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. குனிந்தவள் நிமிரவே இல்லை.

"நான்தான் ஊட்டாத குறையா சாப்பிட வச்சேன். காய்கறிதானேன்னு நெனச்சேன்" என்றாள். நான் தமிழில் சொன்னதைக் கேட்ட சுகந்தி, "அந்தப் பொண்ண உக்காரச் சொல்லுங்கக்கா" என்றாள்.

உணவு ஆசிரியை ஒரு தாளை எடுத்தார். "புதுசாச் சேர்ற பிள்ளைங்களுக்கு உடல்நலப் படிவம் குடுப்போம். அது எங்க கைக்கு வராம சாப்பாடு போட்டது எங்க தப்பு."

அந்தப் படிவம், சுகந்தி கொண்டுவந்திருந்த மாதவனின் பையில் மற்ற நாற்பது தாள்களுக்கு நடுவில் நிரப்பாமலேயே கிடந்தது. சுகந்தி அதைப் பார்த்துவிட்டு வறட்சியாகச் சிரித்தாள்.

"நானும் ஒழுங்கா எழுதலியே. மீன் தின்னா சாமி குத்தம். எள்ளு தின்னா பிள்ள போயிரும். ரெண்டையும் ஒரே மூச்சுல எழுதிட்டேன். படிக்கிறவனுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?"

அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதினோம். சுகந்தி தமிழில் சொன்னாள், நான் ஜப்பானியத்தில் எழுதி, எழுதியதைத் திரும்பத் தமிழில் சொல்லிக் காட்டினேன். 'என் மகளுக்கு எள் அலர்ஜி. எள், எள் எண்ணெய், அரைத்த எள் எதையும் தரக்கூடாது. சிறிதளவு உண்டாலும் மூச்சு அடைக்கும், உயிருக்கு ஆபத்து.' அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே: 'இது அலர்ஜி அல்ல, எங்கள் குடும்ப வழக்கம். மீன், இறைச்சி, முட்டை சாப்பிட மாட்டோம்.'

உணவு ஆசிரியை இரண்டாவதைப் பார்த்துத் தயங்கினார்.

"எள்ளுக்கு டாக்டர் எழுதின தாள் வேணும். வந்ததும் மாசாமாசம் ஒவ்வொரு பதார்த்தத்துலயும் என்னென்ன இருக்குன்னு தனிப் பட்டியல் தருவோம். ஆனா மீன் விஷயத்துல எங்களால முடியாது. சூப்பு, குழம்பு எல்லாத்துக்கும் மீன்சாறுதான் அடி. அத எடுக்க வழியில்ல. வீட்டுச் சாப்பாடு கட்டிக் குடுக்கறது நல்லது."

"அப்போ தினம் கட்டிக் குடுத்துருதேன்" என்றாள் சுகந்தி. "கடலை எண்ணெய்ல தாளிக்கிறவதான் நான். இருந்தாலும் அந்தத் தாளு வேணும்லா? அடுத்தவ தட்டுல இருந்து ஒரு வாய் எடுத்துட்டான்னா?"

வேண்டும் என்றார் மருத்துவ அறை ஆசிரியை. டாக்டர் அவசர ஊசி எழுதித் தந்தால் பள்ளியில் எல்லோரும் போடப் பழகுவார்கள் என்றும் சொன்னார்.

புதன்கிழமை விடுப்பு போட்டுவிட்டு அவர்களோடு குழந்தை டாக்டரிடம் போனேன். வெளியே கூட்டம். டாக்டர் வேகமாகப் பேசினார். இரத்தப் பரிசோதனை, எண்கள், ஊசியைத் தொடையில் எப்படிக் குத்துவது, குத்தியபின் என்ன செய்வது எல்லாம். பாதியிலேயே எனக்குத் தலை கிறுகிறுத்தது. முந்தின நாள் இரட்டை வேலை.

"மன்னிக்கணும். இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். சுகந்திக்குச் சொன்னேன். அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். மறுபடி கேட்டேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மன்னிக்கணும் டாக்டர். குத்தினப்புறமும் ஆம்புலன்ஸ் கூப்பிடணும்னுதானே சொன்னீங்க? சரி ஆயிட்டாலும்?"

"சரி ஆயிட்டாலும்" என்றார் அவர், இந்த முறை மெதுவாக.

அதை நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு, அடிக்கோடு போட்டேன். நிறைமதி நாற்காலியில் கால்களை ஆட்டிக்கொண்டு, "அத்தே, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்குடா."

சுகந்தி என் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.